PV வரைபட முக்கோணம்: உள்ளே போன வெப்பம் 700 ஜூலா, 750 ஜூலா?

கயல்_12பி: ஓரணு வாயு. A-யில் 1 லிட்டர், 300 கிலோபாஸ்கல். நேர்கோட்டில் இறங்கி B: 3 லிட்டர், 100 கிலோபாஸ்கல். அழுத்தம் மாறாமல் சுருங்கி C: 1 லிட்டர், 100 கிலோபாஸ்கல். பருமன் மாறாமல் மறுபடியும் A. பயனுறுதிறன் எவ்வளவு? விடைக்குறிப்பில் 28.57%, எங்க அண்ணன் போட்டால் 26.67%. எது சரி?

மலைச்சாரல்: A, B ரெண்டிலும் PV ஒன்றுதான், 300. அப்போ AB வெப்பநிலை மாறா நிகழ்வு. வேலை 300 ln 3, சுமார் 330 ஜூல். முக்கோணப் பரப்பு எடுத்ததே தப்பு.

முருகவேல்_டியூஷன்: இல்லை சார். முனைகளில் வெப்பநிலை ஒன்று என்பதால் வழி முழுக்க ஒன்றாகிவிடாது. நடுவில் 2 லிட்டரில் அழுத்தம் 200, PV 400. A-யில் 600 கெல்வின் என்று வைத்தால் அங்கே 800. நேர்கோடு அந்த வளைகோட்டுக்கு மேலே போகிறது, AB-யில் வேலை 400 ஜூல். திரும்பும்போது BC-யில் 200 போக, நிகர வேலை 200.

கயல், விடைக்குறிப்பு சரிதான். AB-யில் அக ஆற்றல் மாற்றம் சுழி, அதனால் வெப்பம் 400. CA-யில் 300. மொத்தம் 700, 200-ஐ வகுத்தால் 28.57%. வேறு வழியிலும் சரிபார்த்தேன்: நடுப்புள்ளி வரை வெப்பநிலை ஏறுகிறது, அதுவரைதான் வாயு வெப்பம் வாங்கும். அந்தப் பாதியை மட்டும் போட்டாலும் 400 ஜூல்தான் வருகிறது. ரெண்டு வழியும் ஒத்துப்போகிறது, பிறகென்ன?

செங்குத்துக்கோடு: முருகவேல் சார், ஒத்துப்போவதுதான் இங்கே ஏமாற்றுகிறது. வெப்பநிலை இறங்க ஆரம்பித்ததும் வாயு வெப்பத்தை வெளியே விடும் என்று எடுத்துக்கொண்டீர்கள். 2 லிட்டரிலிருந்து 2.5 லிட்டர் வரை மட்டும் போட்டுப் பாருங்கள். சராசரி அழுத்தம் 175, வேலை 87.5 ஜூல். PV 400-லிருந்து 375 ஆகிறது, ஒன்றரை மடங்கெடுத்தால் அக ஆற்றல் 37.5 ஜூல் குறைகிறது. செய்த வேலை 87.5, கையிருப்பிலிருந்து எடுத்தது 37.5. மீதி 50 ஜூல் வெளியிலிருந்துதானே வந்திருக்க வேண்டும்? வாயு குளிர்ந்துகொண்டே வெப்பம் வாங்குகிறது.

2.5-லிருந்து 3 வரை வேலை 62.5, அக ஆற்றல் இறக்கம் 112.5. இப்போது 50 ஜூல் வெளியே போகிறது. பின்பாதியில் வாங்கியதும் விட்டதும் கழிந்துபோனதால்தான் உங்கள் ரெண்டு வழிக்கும் 400 கிடைத்தது. AB-யில் உண்மையில் உள்ளே போனது 450. CA-யின் 300 சேர்த்தால் 750. வெளியே போனது AB-யில் 50, BC-யில் 500. 750-லிருந்து 550 போக 200, நிகர வேலையோடு பொருந்துகிறது. 26.67%.

திரும்பும் இடத்தை வரைபடத்திலேயே காணலாம். நேர்கோடு ஒரு வெப்பப் பரிமாற்றமில்லா வளைகோட்டைத் தொட்டுச் செல்லும் புள்ளி அது. அங்கே அந்த வளைகோட்டின் சாய்வு −γP/V. 150, 2.5, 5/3 போட்டால் −100, நம் கோட்டின் சாய்வும் அதே.

பாலிடெக்னிக்_வாத்தியார்: போன வருஷம் இதே மாதிரிக் கணக்கை ஈரணு வாயுவுக்குக் கொடுத்தேன். ஒரு பையன் 2.5 லிட்டரை மனப்பாடமாக எழுதி வந்தான். γ 1.4 என்றால் திரும்பும் இடம் 2.33 லிட்டர். கோடு அதேதான், வாயு மாறியதும் புள்ளி நகர்ந்துவிட்டது. என் சாவியில் நானே முழுக் கோட்டின் நிகர வெப்பத்தைத்தான் எடுத்திருந்தேன். இதைப் படித்ததும் விடைத்தாள்களை மறுபடி எடுத்து வைத்திருக்கிறேன்.

முருகவேல்_டியூஷன்: 2.5 வரை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு கேள்வி. அந்த 50 ஜூல் வெளியே வரும்போது வாயு 750-லிருந்து 600 கெல்வினுக்குள் இருக்கிறது. CA-யில் வாயு 200-லிருந்து 600-க்கு ஏறுகிறது. அந்தச் சூட்டைச் சேமித்து இங்கேயே கொடுக்கலாமே? அடுப்பிலிருந்து வாங்கியது 700தான் ஆகும்.

செங்குத்துக்கோடு: கொடுக்கலாம். ஆனால் அந்தக் கதவைத் திறந்தால் 50-உடன் நிற்காது. BC-யில் வெளியேறும் 500 ஜூலும் 600-லிருந்து 200 கெல்வின் வரைதான், CA கேட்கும் 300-ஐ அதுவே கொடுத்துவிடும். அப்போது அடுப்புக்கு 450 மட்டும் மிஞ்சும், பயனுறுதிறன் 44%. 700 என்ற எண் எந்த இயந்திரத்துக்குச் சொந்தம்?

முருகவேல்_டியூஷன்: 'AB-யில் பரிமாறிய வெப்பம்' என்று மட்டும் கேட்டால் 400 எழுதுவதில் தப்பில்லையே?

செங்குத்துக்கோடு: அதில் தப்பில்லை. நிகரம் கேட்டால் 400தான்.

கயல்_12பி: தேர்வில் விடைக்குறிப்பைப் பார்த்துத்தானே திருத்துவார்கள்? 26.67 எழுதினால் மதிப்பெண் போய்விடுமா?

பாலிடெக்னிக்_வாத்தியார்: 2.5 லிட்டரை எப்படிக் கண்டாய் என்பதை வரி வரியாக எழுதும்மா. திருத்துபவர் ஒப்புக்கொள்வாரா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.