12 பக்க ஆங்கிலக் கையேடு தமிழில் 17 பக்கம் போகிறது, என்ன செய்வது?

கிருஷ்ணகிரி: வணக்கம். மா விவசாயிகளுக்கான ஆங்கிலக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி அச்சுக்குக் கொடுக்க வேண்டும். ஏ5 அளவு, நடுவில் பின் அடிப்பது, பக்கத்தில் அருகருகே இரண்டு பத்தி. இன்டிசைனில் ஆங்கிலத்தை எடுத்துவிட்டுத் தமிழை ஒட்டியதும் கடைசி உரைப் பெட்டியில், உரை அடங்கவில்லை என்று காட்டும் சிவப்புக் கூட்டல் குறி வந்துவிட்டது. பக்கம் சேர்த்துக்கொண்டே போனால் 17ஆவது பக்கத்தில் பாதிவரை ஓடுகிறது. நான்கு நான்காகத்தான் கூட்ட முடியும், 16 இல்லையென்றால் 20 என்கிறார் அச்சகத்துக்காரர். 20க்குப் பணம் இல்லை. எழுத்தை 10லிருந்து 9 ஆக்கினால் அடங்குகிறது, ஆனால் அப்பாவிடம் காட்டினேன், கண்ணாடி போட்டும் படிக்க முடியவில்லை. வரிகளுக்குள் பெரிய பெரிய வெள்ளை இடைவெளி வேறு. தத்துப்பூச்சிப் படம் அறுவடைப் பக்கத்தில் போய் நிற்கிறது.

பாலக்கோடு: இரண்டு பத்தியை ஒன்றாக்குங்கள் தம்பி, பாதிப் பிரச்சினை தீரும். மீதிக்கு எழுத்து இடைவெளியை மைனஸ் 40 வையுங்கள். நோட்டீஸ் வேலைக்கெல்லாம் நான் அப்படித்தான் அடக்குகிறேன்.

ஓசூர்: எனக்கும் இதே பிரச்சினைதான். ஒட்டினால் ‘கொ’ உடைந்து, கொம்பு தனியாக, கால் தனியாக, நடுவில் புள்ளி வட்டத்தோடு வருகிறது. எழுத்துருவை மாற்றினால் சரியாகுமா?

தருமபுரி: ஓசூர் அண்ணா, உங்களுடையது வேறு சிக்கல். பாரா அமைப்பில் `Adobe World-Ready Paragraph Composer` தேர்ந்தெடுத்து, மொழியைத் தமிழாக்கிப் பாருங்கள். அதன் பிறகும் உடைந்தால் எழுத்துருவைச் சந்தேகப்படலாம்.

கிருஷ்ணகிரித் தம்பிக்கு: ஒரு பத்தி என்று பாலக்கோட்டு அண்ணா சொன்னது சரி. உங்கள் பத்தி அகலம் ஏறக்குறைய 60 மி.மீ. இருக்கும். 10 புள்ளியில் அதில் சுமார் 20 எழுத்துதான் நிற்கும். ‘பயன்படுத்தப்படுகின்றன’ என்ற ஒரு சொல்லே 14 எழுத்து. வரியில் 12 எழுத்துக்கு இடம் மிச்சமிருந்தாலும் அந்தச் சொல் முழுசாக அடுத்த வரிக்குத் தாவிவிடும். விட்டுப்போன இடத்தை இருபுறமும் சீராக்கும் அமைப்பு இழுத்து நிரப்புகிறது, அதுதான் நீங்கள் பார்க்கும் வெள்ளை. ஒரே பத்தியாக்கினால் வரிக்கு 40 எழுத்து வரும். ஒரு வரியில் வீணாகும் இடம் அதேதான், ஆனால் வரிகளே பாதியாகக் குறைவதால் மொத்த விரயமும் குறையும். அப்புறம் இடப்பக்கம் மட்டும் சீராக்குங்கள், வெள்ளை உறுத்தாது.

எழுத்து இடைவெளியை மட்டும் குறைக்காதீர்கள். மைனஸ் 40இல் கொம்பு அடுத்த எழுத்தை உரசும், 400 சதவீதத்தில் பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும். வரி இடைவெளி இப்போது எவ்வளவு?

கிருஷ்ணகிரி: 14 அக்கா. ஆங்கிலத்தில் 12தான் இருந்தது.

தருமபுரி: 14ஐத் தொடாதீர்கள். 12 ஆக்கினால் மேல்வரி ‘கூ’வின் வாலும் கீழ்வரி ‘நீ’யின் சுழியும் முட்டிக்கொள்ளும்.

படம் ஓடுவதற்குக் காரணம், அது பக்கத்தில் ஒட்டியிருக்கிறது, பாராவில் இல்லை. படத்தின் மேல் விளிம்பில் சின்ன நீலச் சதுரம் இருக்கும். அதைப் பிடித்து இழுத்து, தத்துப்பூச்சி பாராவுக்குள் விடுங்கள். இனி உரை நகர்ந்தால் படமும் கூடவே போகும். ‘7ஆம் பக்கம் பார்க்க’ என்று கையால் அடித்த எண்களையும் தேடிப் பாருங்கள், எல்லாம் தப்பாகியிருக்கும்.

கிருஷ்ணகிரி: செய்து பார்த்தேன் அக்கா. 16ஆவது பக்கம் நிறைந்து ஆறு வரி மட்டும் மிச்சம் நிற்கிறது. படங்கள் இடத்துக்கு வந்துவிட்டன. பக்க எண் ஐந்து இடத்தில் தப்பு, திருத்திவிட்டேன். அந்த ஆறு வரியை என்ன செய்வது?

தருமபுரி: கடைசி வரியில் ஒரே ஒரு சொல் மட்டும் நிற்கும் பாராக்களைத் தேடுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சொல்லைக் குறைத்தால் ஒரு வரி மிச்சம். ‘மருந்துகள் பயன்படுத்தப்படுகின்றன’ என்பதை ‘மருந்து தெளிக்கலாம்’ என்று எழுதினால் விவசாயிக்கும் அதுதான் பேச்சு. மொழிபெயர்த்தவரைக் கேட்டு மாற்றுங்கள், மருந்தின் அளவில் மட்டும் கை வைக்காதீர்கள்.

பாலக்கோடு: சொல்லை மாற்றாமல் உடைக்கலாமே? ஹைஃபன் இல்லாமல் உடைப்பதுதான் தமிழ்ப் புத்தக வழக்கம்.

தருமபுரி: உடைக்கலாம் அண்ணா. `Insert Break Character` பட்டியலில் `Discretionary Line Break` இருக்கிறது, ஹைஃபன் வராது. ‘பயன்படுத்தப்’ வரை மேலே, ‘படுகின்றன’ கீழே என்று வையுங்கள், புள்ளி வைத்த எழுத்தில் அடுத்த வரி தொடங்கக் கூடாது. ஆனாலும் வாசித்துப் பழகாதவர்களுக்கான கையேட்டில் நான் உடைக்க மாட்டேன்.

பாலக்கோடு: நான் உடைப்பேன். பள்ளியில் அப்படித்தானே படித்தோம்.

கிருஷ்ணகிரி: பத்து பாராவில் சொல் குறைத்தேன், ஏழு வரி குறைந்தது. 16க்குள் நின்றுவிட்டது! இன்னும் ஒன்று: மருந்து தெளிப்பு அட்டவணையில் ஐந்து கட்டம். ‘தெளிக்க வேண்டிய பருவம்’ என்ற தலைப்பு நான்கு வரியாக மடிகிறது. அட்டவணையைப் படுக்கையாகத் திருப்பினால் புத்தகத்தைத் திருப்பிப் படிக்க வேண்டும். யாராவது இப்படிச் செய்திருக்கிறீர்களா?

தருமபுரி: தலைப்பை ‘பருவம்’ என்று மட்டும் வைத்துப் பாருங்கள். அதிலும் நிற்கவில்லை என்றால் அந்தப் பக்கத்தின் படத்தை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.