புதுப்பிப்பு: தஞ்சாவூர்க் கிரையப் பத்திரத்தில் மா, குழி நில அளவுகள்

முன்பு நான் இங்கே கேட்டது: “தாத்தாவின் கிரையப் பத்திரத்தில் ‘நஞ்சை 3 மா 20 குழி’ என்றிருக்கிறது. ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?”

எல்லாருக்கும் நன்றி. பினாங்கு வழக்கறிஞர் மொழிபெயர்ப்பை ஏற்றுக்கொண்டார். பலித்தது ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர் ஐயா சொன்ன வழி: மா, குழியை ஆங்கில எழுத்தில் அப்படியே விட்டு, கணக்கை அடிக்குறிப்பில் தருவது.

‘ஒரு மா 33 சென்ட்’ என்று தம்பி சொன்னது பாதி சரி. ஒரு மா 100 குழி; ஆனால் குழியின் அளவு, நிலம் அளக்கும் கோலின் நீளத்தைப் பொறுத்தது. நல்லவேளை, பத்திரத்திலேயே 12 அடிக் கோல் என்றிருந்தது. அப்படியானால் குழி 144 சதுர அடி. 3 மா 20 குழி, அதாவது 320 குழி, சுமார் 1 ஏக்கர் 6 சென்ட்.

மலேசிய நில அளவான ரெலோங்கில் கணக்கு அனுப்பிய அக்கா, அது இங்கே பினாங்குப் பக்கத்து வயலுக்குத்தான்!

எதிர்பாராதது: பட்டாவில் 0.41.5 ஹெக்டேர்தான், மூன்று சென்ட் குறைகிறது. மொழிபெயர்ப்பில் பத்திர அளவையே விட்டுவிட்டேன். குறைந்த காரணம் இன்னும் பிடிபடவில்லை.