மழை இயல்பு என்கிறார்கள், மல்லாட்டை ஏன் கருகியது?

கே.வி.குப்பம் விவசாயி: ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை இயல்பைவிட 6 சதவீதம்தான் குறைவு, வறட்சி இல்லை என்கிறார்கள். என் மானாவாரி மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, கருகிவிட்டது. யார் சொல்வது சரி?

செல்வம்: வானிலைத் துறைக் கணக்கில் பருவமழை 26 முதல் 50 சதவீதம் வரை குறைந்தால் மிதமான வறட்சி, அதற்கு மேல் போனால் கடும் வறட்சி. 6 சதவீதத்தை வறட்சி என்று சொல்ல வழியே இல்லை. விதையைச் சந்தேகப்படுங்கள்.

மீனாட்சி: செல்வம் அண்ணா, அது வானத்துக் கணக்கு. செடிக்குப் பருவத்தின் மொத்தம் தெரியாது. எப்போது விதைத்தீர்கள் ஐயா? வாரவாரியாக மழை எவ்வளவு?

கே.வி.குப்பம் விவசாயி: விதைத்தது ஜூலை 5. வீட்டிலேயே மழைமானி இருக்கிறது. ஆகஸ்ட் 10 தொடங்கி நான்கு வாரத்தில் வெறும் 14 மி.மீ. அடுத்த ஒரே வாரத்தில் 160 மி.மீ. கொட்டியது.

மீனாட்சி: விடை அதில்தான் இருக்கிறது. அந்த நான்கு வாரம் செடிக்கு 36 முதல் 63 நாள் வயது, பூத்து, காயாக மாறும் விழுது மண்ணுக்குள் இறங்கும் காலம். செம்மண் காய்ந்து இறுகிவிட்டால் விழுது மண்ணைத் துளைக்க முடியாமல் நுனி கருகும். பின்னால் வந்த 160 மி.மீ. பருவக் கணக்கை நிரப்பியதே தவிர, போன விழுதை மீட்கவில்லை. வேளாண் வறட்சியை அதனால்தான் வாரக்கணக்கில் பார்க்கிறார்கள். மூன்று நான்கு வாரம் தொடர்ந்து இயல்பில் பாதி மழைகூட இல்லை என்றால், மண் ஈரத்தையும் செயற்கைக்கோள் காட்டும் பயிர்ப் பசுமையையும் சேர்த்துப் பார்ப்பார்கள். பசுமையை அதே வாரத்தின் முந்தைய ஆண்டுகளோடுதான் ஒப்பிட வேண்டும். சீமைக்கருவேலம் மண்டிய இடத்தில் அதுவும் ஏமாற்றும், பயிர் காய்ந்தாலும் படம் பச்சையாகவே இருக்கும்.

செடியைப் பிடுங்கிப் பாருங்கள். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் கறுத்து மக்கியிருந்தால் அது கழுத்தழுகல் நோய், வறட்சி இல்லை.

பாலாற்றங்கரை: 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டு ஓடியதைப் பார்த்தவன் நான். இன்று என் போர்வெல்லில் காற்றுதான் வருகிறது. இதை யாரும் வறட்சி என்று எழுதமாட்டார்களா?

மீனாட்சி: அது நீரியல் வறட்சியாக இருக்கலாம். ஆற்றின் ஓட்டம், ஏரி இருப்பு, கிணற்று நீர்மட்டம் ஆகியவற்றை வைத்து அளப்பது. நம் பகுதி கடினப் பாறை, வெடிப்புகளில்தான் தண்ணீர் நிற்கும். நல்ல மழை தந்த தண்ணீரும் ஓரிரு ஆண்டுக்குமேல் தாங்காது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் போரில் அளக்காதீர்கள், மோட்டார் இழுத்த பள்ளம்தான் தெரியும். யாரும் இறைக்காத கிணற்றில் மே மாதமும் ஜனவரியும் அளந்து, அதே மாதத்தின் பல ஆண்டுச் சராசரியோடு ஒப்பிடுங்கள்.

செல்வம்: மழை இயல்பாகப் பெய்த ஆண்டுகளிலும் மட்டம் இறங்கிக்கொண்டே போனால், அதற்கு வறட்சி என்று பெயர் வைக்கலாமா? அது நாம் உறிஞ்சியது.

மீனாட்சி: அந்தக் கேள்வி நியாயம் அண்ணா. இரண்டையும் பிரிக்க மழைக் கணக்கோடு இறைப்புக் கணக்கும் வேண்டும். இறைப்பை இங்கே யார் எழுதி வைக்கிறார்கள்?

கே.வி.குப்பம் விவசாயி: பத்துச் செடி பிடுங்கினேன். தண்டு நன்றாகவே இருக்கிறது. விழுதெல்லாம் ஊசிபோல் காய்ந்து அந்தரத்தில் நிற்கிறது. ஏரிக்கால் ஓரத்து இரண்டு பாத்தியில் மட்டும் காய் இறங்கியிருக்கிறது.