சைஃபன் ஏன் ஓடுகிறது? நாளை தேர்வு, விளக்கம் தேவை

தேன்மொழி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நாளை காலை எனக்குப் பாய்மவியல் தேர்வு. சைஃபன் தொடர்பான கணக்குகளுக்கு விடை வந்துவிடுகிறது. ஆனால் அது ஏன் ஓடுகிறது என்பது மட்டும் பிடிபடவில்லை. பாத்திரத்து நீர்ப்பரப்பை வளிமண்டலம் அழுத்துவதால் நீர் குழாயில் ஏறி மறுபக்கம் இறங்குகிறது என்று என் குறிப்பேட்டில் இருக்கிறது. அதே வளிமண்டலம் குழாயின் வெளிவாயையும் அழுத்துகிறதே? வெளிவாய் தாழ்வாக இருப்பதால் அங்கே காற்றழுத்தம் இம்மியளவு கூடுதலாகவே இருக்க வேண்டும். அப்படியானால் நீர் பாத்திரத்துக்கே அல்லவா திரும்ப வேண்டும்?

நான் வைத்துக்கொண்டிருக்கும் கணக்கில் நீர்ப்பரப்புக்கு மேல் 20 செ.மீ. உயரத்தில் குழாயின் உச்சி இருக்கிறது. உச்சியிலிருந்து 50 செ.மீ. கீழே வெளிவாய் இருக்கிறது. குழாய் முழுவதும் ஒரே அகலம்.

கப்பிக்காரன்

வளிமண்டலத்தை மறந்துவிடுங்கள். கப்பியின் மேல் ஒரு சங்கிலியைப் போட்டு, ஒரு பக்கம் நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் தொங்கவிட்டால், நீளமான பக்கம் எடை மிகுந்து கீழே இறங்கும். குட்டையான பக்கத்தைத் தன்னோடு இழுத்துக்கொள்ளும். சைஃபனிலும் 50 செ.மீ. நீர், 20 செ.மீ. நீரை இழுக்கிறது. அவ்வளவுதான்.

தேன்மொழி

நன்றி ஐயா. ஆனால் எடைதான் காரணம் என்றால் இன்னொரு ஐயம் வருகிறது. ஏறுகிற பக்கத்துக்கு மட்டும் மிகப் பருமனான குழாயைப் பொருத்தினால், அங்கே உள்ள நீரின் எடை இறங்குகிற பக்கத்து நீரைவிடப் பலமடங்கு ஆகிவிடும். ஆனாலும் அத்தகைய சைஃபன் ஓடும் என்றுதான் பயிற்சிக் கணக்கு ஒன்றில் இருக்கிறது. சங்கிலியாக இருந்தால் அது எதிர்ப்பக்கம் அல்லவா ஓடியிருக்கும்?

மீன்தொட்டி

எனக்கும் இதே சிக்கல்தான். தொட்டி நீரை மாற்றுவதற்காக மெல்லிய குழாய் ஒன்றைப் போட்டிருக்கிறேன். முதலில் நன்றாக ஓடுகிறது. பிறகு மெதுவாகி நின்றுவிடுகிறது. வாயால் மறுபடியும் உறிஞ்ச வேண்டியிருக்கிறது. குழாயை மாற்றினால் சரியாகுமா?

பாய்மம்

தொட்டிக்காரரே, உங்கள் சிக்கல் வேறு, பிறகு வருகிறேன்.

தேன்மொழி, உங்கள் ஐயம் நியாயமானது. இரு முனைகளையும் வளிமண்டலம் ஏறக்குறைய சமமாகவே அழுத்துகிறது. அதனால் ஓட்டத்துக்கான காரணத்தை அந்த இரண்டு அழுத்தங்களில் தேடிப் பயனில்லை. ஓடிக்கொண்டிருக்கும் நீரை வைத்து யோசிப்பதும் குழப்பும். குழாயை நீரால் நிரப்பி, வெளிவாயைக் கட்டைவிரலால் மூடிக்கொள்ளுங்கள். இப்போது நீர் அசையாமல் நிற்கிறது. நீர்ப்பரப்பில் தொடங்கி, குழாய்க்குள்ளேயே நடந்து விரல்வரை வந்து, விரலுக்கு உட்புறம் அழுத்தம் எவ்வளவு என்று கணக்கிடுங்கள். ஏறும்போது குறையுங்கள், இறங்கும்போது கூட்டுங்கள். வளிமண்டல அழுத்தத்தை 1033 செ.மீ. நீர் என்று வைத்துக்கொள்ளலாம்.

முடிந்தால் குழாயையும் வாளியையும் எடுத்துச் செய்தே பாருங்கள். விரலைத் தளர்த்துவதற்கு முன் வெளிவாயை வெவ்வேறு உயரங்களில் பிடித்துப் பாருங்கள்.

தேன்மொழி

செய்து பார்த்தேன் ஐயா. முதலில் கணக்கு: நீர்ப்பரப்பில் 1033; உச்சியில் 20 குறைந்து 1013; அங்கிருந்து 50 இறங்கினால் விரலுக்கு உட்புறம் 1063. விரலுக்கு வெளியே காற்று 1033தான். ஆக, உள்ளிருந்து 30 செ.மீ. நீர் அளவுக்கு விரல் வெளிநோக்கித் தள்ளப்படுகிறது. விரலை எடுத்தால் நீர் வெளியே வராமல் என்ன செய்யும்! வெளிவாயில் காற்றழுத்தம் கூடுதல் என்று நான் சொன்னது உண்மைதான் என்றாலும், 30 செ.மீ. உயரக் காற்றின் அழுத்தம் அரை மில்லிமீட்டர் நீருக்குக்கூட ஈடாகாது. நீர் தரும் 30 செ.மீ.க்கு முன்னால் அது எம்மாத்திரம்?

பிறகு குழாய். முக்காலியின் மேல் வாளியை வைத்து, ஒளி ஊடுருவும் குழாயை நிரப்பி, வெளிவாயை விரலால் அடைத்தபடி வாளியின் நீர்மட்டத்துக்கு மேலே பிடித்து, விரலைச் சற்றே தளர்த்தினேன். நீர் வெளியே வரவில்லை. காற்று உள்ளே நுழைந்து, குழாயிலிருந்த நீர் முழுவதும் வாளிக்குத் திரும்பியது. மறுபடியும் நிரப்பி, நீர்மட்டத்துக்குக் கீழே பிடித்து ஓடவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும்போதே வாயை மெல்ல உயர்த்தினேன். தாரை தளர்ந்து, வாளியின் நீர்மட்டத்தைத் தொட்ட இடத்தில் நின்றேவிட்டது. உச்சியை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தேன். நிற்கும் இடம் மாறவில்லை. 20 ஏறுவதும் அதே 20 இறங்குவதும் கழிந்துபோய், நீர்மட்டத்துக்கும் வெளிவாய்க்கும் இடையிலுள்ள 30 மட்டுமே மிஞ்சுகிறது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஏறுகிற பக்கம் எவ்வளவு பருமனாக இருந்தாலும் உயரம் 20தானே. அழுத்தக் கணக்கில் அகலம் நுழைவதே இல்லை.

பாய்மம்

மிகச் சரி. தேர்வுக்கு ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். உச்சியில் 1013 என்பது விரல் மூடியிருக்கும்போது மட்டும். திறந்து ஓடவிட்டால், வெளிவாயில் அழுத்தம் 1033 ஆகிவிடுகிறது. குழாய் ஒரே அகலம் என்பதால் வேகமும் எங்கும் ஒன்றே. எனவே உராய்வைப் புறக்கணித்தால் உச்சியின் அழுத்தம் வெளிவாயைவிட 50 குறைவு, அதாவது 983. கேள்வியில் "ஓடும்போது" என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். மாணவர்கள் பெரும்பாலும் தவறவிடும் இடம் இதுதான்.

வெளியேறும் வேகம் √(2gh), இங்கே h 30 செ.மீ. என்பதால் நொடிக்கு ஏறத்தாழ 2.4 மீட்டர் வரும். உங்கள் குழாயில் அளந்தால் அவ்வளவு வராது. நீளமான மெல்லிய குழாயில் உராய்வே பெரும்பகுதியைத் தின்றுவிடும். அப்போது உச்சியின் அழுத்தமும் 983க்குச் சற்று மேலே நிற்கும்.

தொட்டிக்காரரே, உச்சியில் அழுத்தம் குறைவு என்பதால் நீரில் கரைந்துள்ள காற்று அங்கே குமிழாகப் பிரிந்து தங்குகிறது. வேகம் குறைவாக இருந்தால் நீரால் அதை அடித்துச் செல்ல முடியாது. குமிழ் வளர்ந்து குழாயின் குறுக்கே நிறைந்ததும் நீர்த்தொடர் அறுந்துவிடும். உச்சியைத் தொட்டியின் விளிம்போடு ஒட்டினாற்போல் தாழ்த்துங்கள். குமிழ் குறைகிறதா என்று பார்க்கலாம். இணைப்பில் காற்றுக் கசிவு இருந்தாலும் இதே அடையாளம்தான் தெரியும் என்பதால், அதையும் பார்த்துவிடுங்கள்.

கப்பிக்காரன்

பருமனான குழாய் விஷயத்தில் சங்கிலி பொருந்தாது என்பதை ஏற்கிறேன். ஆனால் நீர்த்தொடர் அறாமல் சேர்த்துப் பிடித்திருப்பது வளிமண்டலம் மட்டும்தான் என்பதை ஏற்கமாட்டேன். காற்றை வெளியேற்றிய கலத்துக்குள், எளிதில் ஆவியாகாத அயனித் திரவத்தைக் கொண்டு சைஃபனை ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். அங்கே அழுத்திச் சேர்த்து வைக்க எந்தக் காற்றும் இல்லை. மூலக்கூறுகளின் பிணைப்பே திரவத்தை இழுவிசையில் தாங்கியிருக்கிறது.

பாய்மம்

அந்தச் சோதனை உண்மைதான். ஆனால் குமிழ்கள் நிறைந்த சாதாரண நீரில், சாதாரணக் குழாயில், அந்தப் பிணைப்பை எவ்வளவு நம்பலாம் என்பதில்தான் நாம் வேறுபடுகிறோம். இந்தக் கணக்கில் உச்சியில் 983 இருப்பதால் நீர் அழுத்தத்திலேயே இருக்கிறது. இழுவிசை தேவையே படவில்லை. உச்சி 10 மீட்டரை நெருங்கும்போதுதான் உங்கள் வாதம் உயிர்பெறும்.

தேன்மொழி

அந்த வாதத்தைத் தேர்வு முடிந்த பிறகு நானும் தொடர்கிறேன். இப்போது ஒரே கேள்வி: வெளிவாய் காற்றில் இல்லாமல் கீழ்ப்பாத்திரத்து நீருக்குள் மூழ்கியிருந்தால், 30 என்பதற்குப் பதிலாக இரண்டு நீர்மட்டங்களுக்கும் இடையிலுள்ள உயரத்தைத்தானே எடுக்க வேண்டும்?

பாய்மம்

ஆம், அதைத்தான் எடுக்க வேண்டும். வாய் எவ்வளவு ஆழத்தில் மூழ்கியிருக்கிறது என்பது கணக்கில் வராது.

மீன்தொட்டி

உச்சியைத் தாழ்த்திவிட்டேன். முன்பைவிட நெடுநேரம் ஓடுகிறது. ஆனாலும் வளைவில் ஒரு சிறு குமிழ் உட்கார்ந்திருக்கிறது. இணைப்பை இன்னும் பார்க்கவில்லை.