குமாரசாமிப்பேட்டை வீட்டு வரி நோட்டீஸ்: குடும்பக் குழு

அத்தை, காலை 9.12
எல்லோருக்கும் வணக்கம். நேற்று மாலை நகராட்சியிலிருந்து வந்தவர் ஒரு நோட்டீஸைக் கொடுத்துவிட்டுப் போனார். போன அரையாண்டுக்கு 2,402 ரூபாய் கட்டினேன். இப்போது அதே வீட்டுக்கு 7,207 ரூபாய் என்று போட்டிருக்கிறார்கள். படம் எடுத்து மேலே அனுப்பியிருக்கிறேன். அண்ணா, இதை நீங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பாலக்கோடு சித்தி, 9.20
ஐயோ அண்ணி, மூன்று மடங்கா? எங்கள் ஊராட்சியில் கூரைக்கும் அளவுக்கும் ஏற்றபடி வருஷத்துக்கு ஒருமுறை சின்னத் தொகைதான். நீங்களும் அதைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

பெரியப்பா, 9.31
அது கிராம ஊராட்சியின் வீட்டு வரி, அம்மா. நகராட்சியில் வாடகை மதிப்பை வைத்து வரி போடுகிறார்கள். அதைக் காட்டி இங்கே வாதாட முடியாது.

ஓசூர் சித்தப்பா, 9.34
வழிகாட்டி மதிப்பை ஏற்றிவிட்டார்கள் அல்லவா? அதனால்தான் வரியும் ஏறியிருக்கும். ஓசூரில் எங்கள் தெருவிலும் இதே பேச்சுதான்.

பெரியப்பா, 9.52
தம்பி, வழிகாட்டி மதிப்பு பத்திரப் பதிவுக்கு உரியது. வீட்டு வரியில் அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் நியாயமாக என்ன கிடைக்கும் என்பதைத்தான் பார்ப்பார்கள். ஒவ்வொரு வீட்டிலும் உண்மையில் வாங்கும் வாடகையைக் கேட்டு எழுத முடியாது என்பதால், இந்தத் தெருவில் சதுர அடிக்கு மாதம் இவ்வளவு என்று ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். குடியிருப்புக்கு ஒன்று, கடைக்கு வேறொன்று. கட்டடத்தின் பரப்பை அந்த விகிதத்தால் பெருக்கினால் மாத வாடகை மதிப்பு வந்துவிடும்.

அண்ணன், 10.05
பெரியப்பா, 2022இல் அரசு அறிவித்தபோது 601 முதல் 1,200 சதுர அடி வரை 50 சதவீதம்தான் உயர்வு என்றார்கள். அத்தையின் வீடு 1,100 சதுர அடிதானே? அப்படியிருக்க மூன்று மடங்கு எப்படி வரும் என்று நேராகக் கேட்டுவிடலாம்.

பெரியப்பா, 10.18
நீ சொல்லும் அளவு சரி, கேள்விதான் பொருந்தவில்லை. அது அப்போது கட்டிக்கொண்டிருந்த வரியின் மேல் ஒருமுறை ஏற்றியது. 600 சதுர அடி வரை 25, பிறகு 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம். அந்த உயர்வு 2,402க்குள் ஏற்கெனவே அடங்கிவிட்டது. இது புதிதாக அளந்து போட்ட மதிப்பீடு.

தங்கச்சி, படத்தில் கீழ்ப்பகுதி தெளிவாக இல்லை. ஆண்டு மதிப்பு என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது?

அத்தை, 10.26
72,072 என்று இருக்கிறது, அண்ணா. அரையாண்டு வரி 10 சதவீதம் என்றும் போட்டிருக்கிறது.

பெரியப்பா, 10.58
கணக்குப் போட்டுப் பார்த்தேன். பொறுமையாகப் படியுங்கள், இதில்தான் விஷயம் இருக்கிறது.

ஆண்டு மதிப்பு என்பது மாத வாடகையைப் பன்னிரண்டால் பெருக்கிய முழுத் தொகை அல்ல. வாடகையில் பத்தில் ஒரு பங்கை மனைக்கு உரியதாக ஒதுக்கி வைத்து, கட்டடத்துக்கு உரிய மீதியில் பழுதுபார்ப்புச் செலவுக்காக 10 சதவீதம் கழிப்பார்கள். 1920ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டத்திலேயே இருந்த கழிவு இது. அதாவது பன்னிரண்டு மாதத்தில் 1.2 மாத வாடகை மனைக்கு, 10.8 கட்டடத்துக்கு. கட்டடத்தில் 1.08 கழிந்தால் 9.72. அதோடு மனையின் 1.2ஐச் சேர்த்தால் 10.92. சென்னை மாநகராட்சியில் மாத வாடகையை நேராக 10.92ஆல் பெருக்குவார்கள். நான் பணியில் இருந்தபோது இந்த எண் மனப்பாடம்.

இப்போது பின்னோக்கிப் போவோம். 72,072ஐ 10.92ஆல் வகுத்தால் 6,600. அதை 1,100 சதுர அடியால் வகுத்தால் 6 ரூபாய். பழைய வரி 2,402 என்றால் ஆண்டு மதிப்பு 24,024, மாத வாடகை 2,200, சதுர அடிக்கு 2 ரூபாய். பரப்பில் மாற்றமே இல்லை. விகிதம் மட்டும் 2இலிருந்து 6 ஆகியிருக்கிறது. உன் தெருவுக்கு 6 ரூபாய் கடைக்கு உரிய விகிதம். உன் வீடு முழுவதையும் கடை என்று எழுதிவிட்டார்கள்.

நான், 11.03
டெய்லர் கடையாலா, பெரியப்பா?

அத்தை, 11.07
அந்தக் கடை 150 சதுர அடிதானே! அளக்க வந்த பையன் ஷட்டருக்கு முன்னால் நின்று டேப்பைப் பிடித்தான், தையல் மிஷினைத் தாண்டிக் கொல்லைச் சுவர் வரைக்கும் ஒரே இழுப்பாக இழுத்துக்கொண்டு போனான். நடுவில் சமையலறையில் நான் நின்றுகொண்டிருந்தேன். இது வீடா கடையா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பெரியப்பா, 11.24
அங்கேதான் பிழை நடந்திருக்கிறது. ஒரே கட்டடத்தில் இரண்டு பயன்பாடு இருந்தால் இரண்டாகப் பிரித்து எழுத வேண்டும். பிரித்தால் வீடு 950 சதுர அடிக்கு 2 ரூபாய் வீதம் 1,900, கடை 150 சதுர அடிக்கு 6 ரூபாய் வீதம் 900, மொத்தம் மாதம் 2,800. ஆண்டு மதிப்பு 30,576. அரையாண்டுக்கு 3,058 ரூபாய்.

முன்பு கட்டியதைவிட 656 ரூபாய் கூடுதல், அதை நீ கட்டத்தான் வேண்டும். இத்தனை நாள் கடையையும் வீடென்றே எழுதியிருந்தார்கள், அதுவும் சரியல்ல. மனுவில் கடையே இல்லை என்று எழுதிவிடாதே. நேரில் வந்து பார்த்தால் மனு முழுவதும் கெட்டுவிடும்.

ஓசூர் சித்தப்பா, 11.31
கடை வாடகையை யார் வாங்குகிறார்களோ அவர்கள்தான் வரியும் கட்ட வேண்டும், அக்கா. இதில் நாங்கள் சொல்ல ஒன்றுமில்லை.

அத்தை, 11.33
தம்பி, நான் யாரிடமும் ஒரு ரூபாய் கேட்கவில்லை. அம்மாவைக் கடைசி வரைக்கும் பார்த்துக்கொண்ட வீடு இது.

பாலக்கோடு சித்தி, 11.35
அந்தப் பேச்சு இப்போது வேண்டாம்.

பெரியப்பா, 11.49
ஆமாம், வரியை மட்டும் பார்ப்போம். மனுவோடு ஒரு கைவரைபடம் வை. கடை, கூடம், சமையலறை, அறைகள் என்று ஒவ்வொன்றின் நீள அகலத்தையும் சுவரின் வெளிப்புறம் சேர்த்து அளந்து எழுது. மொத்தம் 1,100 வர வேண்டும். கடைக்கும் வீட்டுக்கும் இடையில் வாசல் இருக்கிறதா?

அத்தை, 11.54
அவர் இருந்தபோதே அடைத்துச் சுவர் வைத்துவிட்டோம். கடைக்குத் தெருப்பக்கம்தான் வழி.

பெரியப்பா, 11.58
மிகவும் நல்லது. அந்தச் சுவரைப் படம் எடுத்து வை. கடைக்குத் தனி மின் இணைப்பு உண்டல்லவா? வணிகக் கட்டண ரசீது ஒன்றும் வீட்டு ரசீது ஒன்றும் வைத்தால், இரண்டும் வேறு வேறு என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

அத்தை, 12.10
அண்ணா, கடைக்கு நம் வீட்டு லைனிலிருந்துதான் ஒயர் போகிறது.

பெரியப்பா, 12.22
அப்படியானால் மின் ரசீதை வைக்காதே. முதலில் கடைக்குத் தனி இணைப்புக்கு எழுதிக் கொடு. வீட்டு இணைப்பில் கடை நடத்துவது தவறு, அது தனியாக ஒரு பிரச்சினையாகும். இப்போதைக்கு வரைபடம், படங்கள், டெய்லரோடு போட்ட வாடகை ஒப்பந்தம் போதும். ஒப்பந்தத்தில் 150 சதுர அடி என்று இருக்கிறதா என்று பார்.

அண்ணன், 12.30
அக்டோபர் 31க்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி உண்டே. 7,207ஐக் கட்டிவிட்டு மனு கொடுக்கலாமா?

ஓசூர் சித்தப்பா, 12.33
கட்டிவிட்டால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடாதா?

பெரியப்பா, 12.41
அப்படி ஆகாது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் கட்டுவதற்கு முன்னால் மனுவைக் கொடுத்து, தேதியோடு முத்திரை வைத்த நகலை வாங்கிவிட வேண்டும். நோட்டீஸின் பின்பக்கம் ஆட்சேபத்துக்கு எத்தனை நாள் என்று அச்சிட்டிருக்கும், அதைத் தாண்டக் கூடாது. இன்னொன்று, வரி விதிப்பு யார் பெயரில் இருக்கிறது?

அத்தை, 12.44
அப்பா பெயரில்தான்.

பெரியப்பா, 12.52
அப்பா போய் இத்தனை வருஷம் ஆகியும் நாம் மாற்றவில்லை. மனுவில் யார் கையெழுத்துப் போடுவது என்று கேட்பார்கள். வாரிசுச் சான்றிதழ் நகல் யாரிடம் இருக்கிறது?

நான், 12.55
அப்பாவின் பீரோவில் பார்க்கிறேன், பெரியப்பா.

ஓசூர் சித்தப்பா, 1.08
பெயர் மாற்றம் என்றால் எல்லோரும் உட்கார்ந்து பேசித்தான் செய்ய வேண்டும். தீபாவளிக்கு வரும்போது பார்க்கலாம்.

பெரியப்பா, 1.15
பெயர் மாற்றத்துக்கு வேண்டுமானால் தீபாவளி வரை காத்திருக்கலாம், ஆட்சேபம் காத்திருக்காது. வாரிசு என்ற முறையில் தங்கச்சியே கையெழுத்திடட்டும். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நான் அலுவலக வாசலில் இருப்பேன்.

அத்தை, 1.21
சரி அண்ணா. நோட்டீஸின் பின்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புகிறேன். டேப் மட்டும் யாராவது கொண்டுவாருங்கள், வீட்டில் இருந்ததை டெய்லர் வாங்கிக்கொண்டு போனவர் இன்னும் திருப்பித் தரவில்லை.