மணலின் மேல் படியும் அந்த அடுக்குக்குத் தமிழில் என்ன பெயர்?

மலர்விழி:
அனைவருக்கும் வணக்கம். வீட்டில் வைத்துக்கொள்ளும் மெதுமணல் வடிகட்டி பற்றிய ஒரு கையேட்டை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. பன்னிரண்டு பக்கமும் முடிந்தாயிற்று, ஒரே ஒரு சொல்தான் இழுக்கிறது. வடிகட்டியில் தினமும் தண்ணீர் ஊற்றிவந்தால் சில வாரங்களில் மணலின் மேற்பரப்பில் நுண்ணுயிர்கள் வாழும் ஓர் அடுக்கு உண்டாகிறது. கிருமிகளை ஒழிப்பதில் பெரும்பங்கு அதற்குத்தான். மூலத்தில் ஓரிடத்தில் பயோலேயர் என்றும், இன்னோரிடத்தில் ஷ்முட்ஸ்டெக்கே என்ற ஜெர்மன் சொல்லாலும் குறிக்கிறார்கள். நான் இப்போதைக்குப் பாசிப்படலம் என்று போட்டிருக்கிறேன். "இதைக் கலைக்காதீர்கள்" என்று சுவரொட்டியில் பெரிய எழுத்தில் வரும். பாசிப்படலம் சரிதானா?

பொன்னம்பலம்:
அழகான சொல். குறுந்தொகையின் 399ஆம் பாட்டு நினைவுக்கு வருகிறது. ஊருணியின் பாசி கை தொடும்போதெல்லாம் விலகும், விட்டால் மறுபடி பரவும். தலைவியின் பசலைக்குப் பரணர் சொன்ன உவமை. கலைத்தாலும் திரும்ப வளரும் ஓர் அடுக்குக்கு இதைவிடப் பொருத்தம் வேறென்ன? மாற்றாதீர்கள் அம்மா.

இளங்கோ:
ஐயா மன்னிக்க வேண்டும், உவமை அருமை, பொருள்தான் தவறு. பாசி வளர வெளிச்சம் வேண்டும். இந்த வடிகட்டிக்கு மூடி உண்டு, உள்ளே இருட்டு. ஊருக்கே தண்ணீர் தரும் பெரிய திறந்தவெளி மணல் படுகைகளில் பாசியும் சேர்ந்துதான் வளரும், அதை மறுக்கவில்லை. வீட்டு வடிகட்டியில் இருப்பவை பாக்டீரியாவும் அவற்றைத் தின்கிற ஒற்றைச்செல் உயிர்களும்தான். அவற்றோடு கொஞ்சம் வண்டல். பல சமயம் கண்ணுக்கே தெரியாது, மணல் சற்று நிறம் மாறியிருக்கும், அவ்வளவுதான்.

இன்னொரு தொல்லை. பத்து வருடமாக இந்த வடிகட்டிகளை வைத்துக் கொடுக்கிறேன். பாசி என்ற சொல் காதில் விழுந்தால் அடுத்த நாளே யாராவது மணலை வழித்தெடுத்துக் கழுவிவிடுவார்கள்.

கதிர்:
அப்படியானால் ஜெர்மன் சொல்லை நேராகப் பெயர்த்தால் இன்னும் மோசம். ஷ்முட்ஸ் என்றால் அழுக்கு, டெக்கே என்றால் போர்வை. "அழுக்குப் போர்வையைக் கலைக்காதீர்கள்" என்று சுவரொட்டி போட்டுப் பாருங்கள்! பேசாமல் பயோலேயர் என்றே விட்டுவிடலாம். பாக்டீரியா, குளோரின் எல்லாம் அப்படியே வரும்போது இதற்கு மட்டும் ஏன் தீட்டு?

பொன்னம்பலம்:
பாக்டீரியாவை நான் அனுமதித்ததாக நினைவில்லை. மேலே ஷகரத்தை வேறு இரண்டு பேர் தாராளமாகப் புழங்கியிருக்கிறார்கள். வடவெழுத்தை நீக்கி எழுதச் சொன்ன தொல்காப்பியர் ஜெருமானிய எழுத்துக்கு விலக்கு தரவில்லை.

ரஹீம்:
இவ்வளவு யோசிக்க வேண்டுமா? மணல் ஒரு சல்லடை. மேலே அழுக்கு சேரச்சேரச் சல்லடையின் கண் சிறுத்துப்போகிறது, கிருமி மாட்டிக்கொள்கிறது. ஆகவே "சல்லடைப் படலம்". மாணவர்களுக்கும் உடனே புரியும்.

இளங்கோ:
ரஹீம் சார், பாதி சரி. குடற்புழு முட்டை போன்ற பெரியவை அப்படித்தான் மாட்டுகின்றன. மேலே படிவது இடைவெளியைக் குறைப்பதும் உண்மை. ஆனால் இந்த வடிகட்டியில் போடும் மிக நுண்ணிய மணலுக்கு நடுவிலுள்ள இடைவெளிகூட ஒரு பாக்டீரியாவைவிடப் பத்து மடங்குக்கும் மேல் பெரியது. வைரஸைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சல்லடை மட்டும்தான் என்றால் அவை எல்லாம் நேராக உங்கள் குவளைக்கு வந்துவிடும்.

நடப்பது வேறு. ஒரு வகை வடிகட்டியை எடுத்துக்கொள்வோம். மேலே ஒரு தடவைக்கு 12 லிட்டர் ஊற்றலாம். கீழே மணலின் இடைவெளிகளில் தங்குவதும் ஏறக்குறைய அதே 12 லிட்டர். காலையில் ஊற்றினால் குழாய் வழியே வெளியே வருவது நேற்று ஊற்றிய தண்ணீர். இப்போது ஊற்றியது அதன் இடத்துக்கு இறங்கி, அடுத்த முறைவரை மணலுக்குள் தங்கும். அந்த ஓய்வில்தான் வேலை நடக்கிறது. மேலே ஒன்றிரண்டு விரற்கடை ஆழத்துக்குள் இருக்கும் உயிர்கள் புதிதாக வந்த கிருமிகளைத் தின்கின்றன. தப்பிக் கீழே இறங்கியவற்றில் சில மணலோடு ஒட்டிக்கொள்கின்றன, சில உணவும் ஆக்சிஜனும் இல்லாமல் தாமே சாகின்றன. அதனால்தான் ஊற்றிவிட்டுக் குறைந்தது ஒரு மணி நேரமாவது விடச் சொல்கிறோம். 48 மணி நேரத்துக்கு மேலும் விடக்கூடாது, பசியில் அந்த அடுக்கே மடியும்.

இன்னொன்று, இந்த அடுக்கு முழுதாக உருவாக 30 நாள் வரை ஆகும். அதுவரை வரும் தண்ணீரைக் கிருமிநீக்கம் செய்துதான் குடிக்க வேண்டும். பிறகும் அப்படிச் செய்வதே நல்லது, ஏனென்றால் வைரஸ் விஷயத்தில் இது பாக்டீரியா அளவுக்கு நம்பகமில்லை. ஆனால் குளோரினை வடிகட்டிய பிறகு, பாத்திரத்தில் சேர்க்க வேண்டும். மேலே ஊற்றினால் நம் ஆட்களையே கொன்றுவிடுவோம்.

சுந்தரி:
"நம் ஆட்கள்" என்பதே நல்ல பெயராக இருக்கிறது! தலைப்புக்கு வெளியே கேட்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டிலும் இந்த வடிகட்டி இருக்கிறது. மூன்று மாதம் நன்றாக ஓடியது. போன மாதத்திலிருந்து தண்ணீரில் ஒரு முடை வாடை. மூடியைத் திறந்தால் உள்ளே தண்ணீர் நிறைய நிற்கிறது. மணலை மாற்ற வேண்டுமா?

இளங்கோ:
தண்ணீர் வெளியே வரும் குழாயின் முனையில் திருகு ஏதாவது மாட்டினீர்களா அம்மா?

சுந்தரி:
ஆமாம். தேவைப்படும்போது மட்டும் திறக்கலாமே என்று ஒரு திருகு வைத்தோம். அது எப்படித் தெரிந்தது?

இளங்கோ:
அந்தக் குழாய் வாய் எந்த உயரத்தில் இருக்கிறதோ, அதற்குச் சமமாகத்தான் உள்ளே தண்ணீர் நின்றுபோகும். மணலுக்கு மேல் 5 சென்டிமீட்டர் தண்ணீர் நிற்க வேண்டும் என்று கணக்குப் பார்த்து அந்த உயரத்தை வைத்திருக்கிறார்கள். அந்த 5 சென்டிமீட்டர் வழியாகக் காற்றிலிருக்கும் ஆக்சிஜன் கீழே மணல்வரை போய்ச்சேரும். திருகை மூடினால் தண்ணீர் மேலேயே நிற்கும். ஆழம் கூடக்கூட ஆக்சிஜன் எட்டாது, அடுக்கு மூச்சுத்திணறிச் செத்து அழுகும். வாடை அதுதான். மணலை மாற்ற வேண்டாம், திருகைக் கழற்றுங்கள். அடுக்கு மறுபடி வளரும்வரை குடிக்கிற தண்ணீரைக் காய்ச்சிக்கொள்ளுங்கள். குழாயில் நீளமான ரப்பர் குழல் மாட்டிக் கீழே தொங்கவிடுவதும் கூடாது. அது தண்ணீரை உறிஞ்சி இழுத்து மணலையே காயவைத்துவிடும், அடுக்குக்கு அதுவும் சாவுதான்.

மலர்விழி:
இது கையேட்டில் ஒரே வரியில் இருக்கிறது: "திருகு பொருத்தக் கூடாது." காரணம் சொல்லவில்லை. சேர்த்துவிடுகிறேன். சரி, சொல்லுக்கு வருவோமா? ஞாயிறு இரவுக்குள் வேண்டும்.

கதிர்:
உயிரிப்படலம்? ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிற சொல்.

இளங்கோ:
அது பொதுச்சொல். பல்லில் படிவதும் குழாயின் உட்புறத்தில் வழுக்குவதும் உயிரிப்படலம்தான், அவற்றை எல்லாம் சுரண்டச் சொல்கிறோம். கீழேயுள்ள மணல் துகள்களின் மேலும் மெல்லியதாக அது உண்டு. எனக்கு வேண்டியது மேலே இருக்கும் இந்த ஓர் அடுக்குக்கான பெயர்.

பொன்னம்பலம்:
"ஏடு" இருக்கிறதே. பாலின் மேல் படிவது ஏடு, பூவிதழ் ஏடு, ஓலையும் ஏடு. மெல்லியதாய், மேலாக, தனியே எடுக்க வருவது. எடு என்ற வினையின் முதல் எழுத்து நீண்டு ஏடு ஆகியிருக்கலாம், கெடு கேடு ஆனதைப்போல, சுடு சூடு ஆனதைப்போல. உயிர் கூட்டினால் உயிரேடு. படலம் என்பது வடமொழி, அதையும் தவிர்த்த மாதிரி ஆயிற்று. இதே வழியில் போனால் மேடு, வீடு, ஓடு எல்லாவற்றுக்கும் வினைமூலம் காட்டலாம். வீடு என்பது விடு என்பதிலிருந்து...

கதிர்:
ஐயா, வீட்டை விடுங்கள். நீங்கள் சொல்வதுபடி ஏடு என்றாலே "எடுக்க வருவது". எடுக்காதே என்று சொல்லத்தானே இவ்வளவு பாடு?

பொன்னம்பலம்:
வேர்ப்பொருள் வேறு, வழக்குப்பொருள் வேறு. சூடு என்று சொன்னதும் யாராவது எதையாவது சுடக் கிளம்புகிறார்களா?

ரஹீம்:
உயிரேடு என்றால் என் மாணவர்கள் பிறப்பு இறப்புப் பதிவேடு என்று எழுதுவார்கள். வேற்றுமை ஏற்கும்போது "உயிரேட்டை", "உயிரேட்டில்" என்று வரும், இன்னும் குழப்பம். ஏட்டுச் சுரைக்காய்தான்.

இளங்கோ:
என் கவலை ஒன்றுதான், சுத்தம் செய்யும் பக்கம். குழாயில் ஓட்டம் குறைந்து நிமிடத்துக்கு 100 மில்லிக்குக் கீழே போனால் ஒழிய மணலைத் தொடக்கூடாது. மேல்தொட்டி நிறைந்திருக்கும்போது 400 மில்லி வரை வரும், அதற்கு மேல் வந்தால் மணல் பருமன் என்று பொருள். சுத்தம் செய்யும்போதும் மணலை வெளியே எடுக்க வேண்டாம். கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, உள்ளங்கையை மேற்பரப்பில் வைத்து வட்டமாக அளைந்து, கலங்கிய தண்ணீரை மட்டும் மொண்டு கொட்ட வேண்டும். அப்புறம் மணலைச் சமப்படுத்த வேண்டும். அடுக்கு கொஞ்சம் கலையும், சில நாளில் தேறிவிடும். ஆக "கலைக்காதே" என்பதும் முழு உண்மையல்ல, "வழிக்காதே" என்பதுதான் சரி. வழிக்கக் கூடாத ஒன்று என்று பெயரிலேயே தெரிந்தால் நல்லது. "மணல்தோல்" என்று நான் பேச்சில் சொல்வேன். தோலை யாரும் உரிக்க மாட்டார்கள்.

பொன்னம்பலம்:
வாழைப்பழத்தை எப்படிச் சாப்பிடுவீர்கள்?

கதிர்:
ஹா ஹா. ஐயாவுக்கு ஒரு மதிப்பெண்.

மலர்விழி:
ஞாயிறு இரவு பத்து மணி. எண்ணிப் பார்த்தேன். உயிரேட்டுக்கு நான்கு பேர், அவர்களில் இருவர் தனிமடலில் "ஏதாவது ஒன்றைப் போடுங்கள், தூக்கம் வருகிறது" என்று எழுதியவர்கள். உயிரிப்படலத்துக்கு மூவர். மணல்தோலுக்கு இளங்கோ அண்ணாவும் நானும். கையேட்டின் உள்ளே உயிரேடு என்று வைக்கிறேன், முதல் முறை வருமிடத்தில் "மணலின் மேல் வாழும் நுண்ணுயிர் அடுக்கு" என்று ஒரு வரி விளக்கத்தோடு. சுவரொட்டியில் பெயரே வேண்டாம், "மணலை வழிக்காதீர்கள், மேலே கையால் அளைந்தால் போதும்" என்று படத்தோடு போட்டுவிடுகிறேன்.

ரஹீம்:
என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். பதிவேட்டில்.

பொன்னம்பலம்:
அச்சில் "உயிர் ஏடு" என்று பிரித்துப் போட்டுவிடப் போகிறார்கள், மெய்ப்பு பார்க்கும்போது கவனம். வடிகட்டி, வடிப்பான் இரண்டில் எது சரி என்பதையும் நாளை எடுத்துக்கொள்ளலாம்.

சுந்தரி:
திருகைக் கழற்றிவிட்டேன். தண்ணீர் மட்டம் உடனே இறங்கி, அளந்து பார்த்தால் மணலுக்கு மேல் 5 சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக நிற்கிறது. வாடை இன்னும் இருக்கிறது. இளங்கோ தம்பி, எத்தனை நாள் பொறுத்துப் பார்க்கலாம்?