எஞ்சுரிமையா, பங்கிலா உடைமையா: ஒரு சொல் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு,

சொத்துச் சட்டப் பாடநூல் ஒன்றில், உரிமையாளர்களில் ஒருவர் இறந்தால் என்ன ஆகும் என்பதைப் பேசும் இயலைத் திங்கட்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டும். ஜாயிண்ட் டெனன்ஸி, டெனன்ஸி இன் காமன் என்ற இரண்டுக்கும் முதல் வரைவில் "கூட்டு வாடகை", "பொது வாடகை" என்று எழுதப்பட்டிருக்கிறது. இங்கே டெனன்ட் என்பவர் வாடகைக்கு இருப்பவர் அல்லர், நிலத்தை உடையவரே. முதல் வகையில் ஒருவர் இறந்தால் சொத்து முழுவதும் உயிரோடிருப்பவரிடமே நிற்கும். இரண்டாம் வகையில் இறந்தவரின் பங்கு அவருடைய வாரிசுகளுக்குப் போகும். இந்த வேறுபாடு சொல்லிலேயே தெரிய வேண்டும்.
— செ.

செ. அவர்களுக்கு,

"எஞ்சு" என்ற வேர் இருக்க வேறெங்கும் தேட வேண்டியதில்லை. "எச்சவுடைமை" என்று சொல்லலாம். வினையெச்சமும் பெயரெச்சமும் முடிக்கும் சொல்லை எதிர்நோக்கி நிற்பதுபோல, இந்த உடைமையும் கடைசி ஒருவரை எதிர்நோக்கி நிற்கிறது. "தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப்படும்" என்ற குறளும் இச்சொல்லின் பழமைக்குச் சான்று.
— ந.

ந. ஐயா, அந்தக் குறளே உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. அங்கே எச்சம் என்பதற்கு மக்கட்பேறு என்றே உரை கண்டவர்கள் உண்டு. நாம் பெயரிடப்போகும் உடைமையிலோ இறந்தவரின் பிள்ளைகளுக்கு ஒன்றும் கிடைக்காது. பொருளைத் தலைகீழாக்கும் சொல்லைப் பாடநூலில் வைக்கக் கூடாது. "எஞ்சுரிமை" என்றால் எனக்கு மறுப்பில்லை.
— த.

இரண்டு சொல் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. உயில் எழுதாதவருக்குத்தானே இந்தச் சிக்கல்? எழுதிவிட்டால் இரண்டு வகையிலும் அவர் பங்கு அவர் சொன்னவருக்குப் போய்விடும்.
— பா.

பா. அவர்களே, முதல் வகையில் போகாது. உயில் உயிர்பெறுவது இறந்த பிறகு. அந்த நொடியிலேயே அவருடைய உரிமை அற்றுப்போவதால், உயிலின் கைக்குச் சிக்க அங்கே எதுவும் மிஞ்சுவதில்லை. அந்த உடைமையை உயிரோடிருக்கும்போதே முறித்திருக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. அக்காள், தம்பி, அவர்களுடைய தோழர் ஆகிய மூவர் ஒரு வீட்டை முதல் வகையாக வாங்குகிறார்கள். தோழர் தம் உரிமையை வெளியாள் ஒருவருக்கு விற்றுவிடுகிறார். அந்த விற்பனை அவருடைய பகுதியை மட்டும் முறிக்கிறது. வெளியாளிடம் 1/3 தனிப்பங்காக நிற்க, மற்ற 2/3 அக்காள் தம்பி இருவருக்குள் பழையபடியே தொடர்கிறது. பிறகு அக்காள், எல்லாம் என் மகளுக்கு என்று உயில் எழுதிவிட்டு இறந்தால், அந்த 2/3 முழுவதும் தம்பிக்கே. மகளுக்கு இந்த வீட்டில் ஒன்றுமில்லை. அதன் பின் வெளியாள் இறந்தால் அவருடைய 1/3 அவருடைய வாரிசுகளுக்குப் போகும். ஒரே வீட்டில் இரண்டு வகையும் அடுத்தடுத்து நிற்பதால்தான் இரண்டு சொல் வேண்டும். பத்திரத்தில் "சம பங்காக" என்ற சொற்றொடர் இருந்தால் அது பெரும்பாலும் இரண்டாம் வகையின் அடையாளம், ஏனெனில் முதல் வகையில் எவருக்கும் தனித்த பங்கே இல்லை. அதனால் "பங்கிலா உடைமை", "பங்குடைமை" என்பது என் பரிந்துரை.
— வ.

எனக்கும் என் அண்ணனுக்கும் வங்கியில் கூட்டுக் கணக்கு இருக்கிறது. இருவரில் எவரும் பணம் எடுக்கலாம். அப்படியானால் அதுவும் பங்கிலா உடைமைதானா? அவர் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டுமா என்று கவலையாக இருக்கிறது.
— ம.

ம. அம்மா, யார் பணம் எடுக்கலாம் என்பது வங்கிக்குக் கொடுத்த அனுமதி. பணம் யாருடையது என்பது வேறு கேள்வி. முன்னதை மட்டும் வைத்துப் பின்னதைத் தீர்மானிக்க முடியாது. கணக்குத் தொடங்கிய தாளோடு உங்கள் ஊர் வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள்.
— வ.

வ. அவர்களின் "பங்கிலா" எனக்குத் தயக்கம் தருகிறது. வகுப்பில் சொல்லிப் பார்த்தபோது, "பங்கு இல்லை என்றால் அவர் உரிமையாளரே இல்லையா?" என்று ஒரு மாணவி உடனே கேட்டார். தூய்மையைவிடத் தெளிவு முக்கியம். "எஞ்சுரிமைக் கூட்டுடைமை" நீளமானாலும் குழப்பாது.
— த.

எல்லோருக்கும் நன்றி. நால்வர் ஆதரித்திருப்பதால் "எஞ்சுரிமைக் கூட்டுடைமை", "பங்குரிமைக் கூட்டுடைமை" என்றே இயலில் எழுதிவிட்டேன். "பங்கிலா" ஒருமுறை விளக்கத்தில் மட்டும் வரும்.
— செ.

என் மறுப்பைப் பதிவுசெய்கிறேன். இருவரும் ஒரே விபத்தில் இறந்து, முந்தியவர் யாரென்று தெரியாமற்போனால் எஞ்சியவர் எவர்? இங்கிலாந்தின் 1925ஆம் ஆண்டுச் சொத்துச் சட்டம் மூத்தவரே முதலில் இறந்ததாகக் கொள்கிறது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் பாதி பாதியாகப் பிரித்துவிடுகிறார்கள். அங்கெல்லாம் எஞ்சுதல் என்பது சட்டம் கற்பித்துக்கொண்டதாகவோ, இல்லாததாகவோ ஆகிவிடுகிறது. தனிப்பங்கு இல்லாமல் இருந்தது என்பதோ இறப்புவரை மாறாத உண்மை. பெயரை அதன்மேல்தான் வைத்திருக்க வேண்டும்.
— வ.